மாடி வீட்டு வைஃபை

"வீட்டு வைஃபை பாஸ்வேர்டு தெரியுமில்லம்மா?" என்று செல்போன் கடைக்காரர் கேட்டார்.

"தெரியும், தெரியும்," என்றாள் பெரியவள்.

சுத்தப் பொய். அந்தப் பாஸ்வேர்டின் முதல் எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. இன்னும் சொல்லப்போனால் அது அவள் வீட்டு வைஃபையே இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தன் மகளின் யூனிஃபார்மைப் பெரியவளிடம்தான் தைக்கக் கொடுப்பாள். பெரியவளும் அவள் தங்கையும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாக இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது அந்த டீச்சருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமென்றால் தெருவுக்கே தெரியும். அவள் எதிரில் போய், 'நான் தங்கச்சி வீட்டு வைஃபையைத்தான் ஓசியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்ல முடியுமா? நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

கடைக்காரர் நல்ல மனிதர். பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். "ரெண்டு நாளா நெட்வொர்க்கே வரலைங்கிறீங்க. செட்டிங்ஸ் ஏதாவது குழம்பியிருக்கலாம். நெட்வொர்க் செட்டிங்ஸை ரீசெட் பண்ணிப் பார்க்கிறேன். போட்டோ போகாது, நம்பர் போகாது, மெசேஜ் எதுவும் போகாது. ஆனா இந்த போன்ல சேமிச்சு வச்சிருக்கிற வைஃபை பாஸ்வேர்டு எல்லாமே அழிஞ்சிடும். ஒண்ணு மட்டும் வச்சுக்கிறேன், ஒண்ணை விட்டுடறேன்னெல்லாம் அது கேட்காது. ப்ளூடூத்துல சேர்த்து வச்சதும் போயிடும். வேணும்னா முன்னாடியே வீட்டு வைஃபையோட க்யூஆர் கோடை, அதான் அந்தக் கட்டப்படத்தை, எடுத்து என் போன்ல படம் பிடிச்சு வைக்கிறேன். அதுக்குக் கீழேயே பாஸ்வேர்டும் எழுதியிருக்கும்."

"அதெல்லாம் வேண்டாங்க. மனப்பாடமா தெரியும்."

கட்டப்படத்தோடு வைஃபையின் பெயரும் வருமே! அதன் பெயர் 'மாடி'. டீச்சர் எட்டிப் பார்த்தால் போதும், மானம் கப்பலேறிவிடும். பெரியவள் ரீசெட் பண்ணச் சொல்லித் தலையை நன்றாக ஆட்டினாள். கடைக்காரர் செட்டிங்ஸுக்குள் போய், போன் கேட்ட ரகசிய எண்ணைப் பெரியவளையே போடச் சொல்லி, 'ரீசெட்' என்ற பொத்தானை அழுத்தினார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

நெட்வொர்க் வரவில்லை.

கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். அப்புறம் சிம்மை வெளியே எடுத்துத் தன் போனில் போட்டுப் பார்த்தார். அதிலும் செத்த பிணம் மாதிரியே கிடந்தது. "அடடா, சிம்தான்மா செத்திருக்கு. இதை நான் முதல்ல பார்த்திருக்கணும்," என்று உள்ளபடியே வருத்தப்பட்டார். "போன்ல ஒரு குறையும் இல்ல. சிம் கம்பெனிக்காரன் இன்னைக்கு அரைநாள்தான். நாளைக்குக் காலையில போய் அதே நம்பர்ல வேற சிம் வாங்கிடுங்க. அதுவரைக்கும் வீட்டு வைஃபை இருக்கே, அது போதும்."

"அது இருக்கே," என்றாள் பெரியவள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. கடைக்காரர் தன் வேலைக்குக் காசு வேண்டாமென்று கைகூப்பிவிட்டார்.

வழியில் ஒரு வீட்டில் திரைச்சீலை அளவெடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாள். ஜன்னலின் அகலத்தை இரண்டு தரம் அளந்தும் இரண்டு தரமும் வேறு வேறு கணக்கு வந்தது. அளவு நாடாவைக் கையில் பிடித்த நாளிலிருந்து அவளுக்கு அப்படி ஆனதில்லை. மனசு அங்கே இல்லை. அன்று சாயங்காலம் அவள் பையன் கூப்பிடுவதாக இருந்தது.

இந்த இடத்தில் அந்தப் பையனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அக்கா தங்கை சண்டைக்கும் அவன்தான் காரணம், பாவம். வீட்டில் அவனுக்குக் குட்டி என்று பெயர். ஆறடி வளர்ந்தும் குட்டிதான். அப்பா இல்லாத பிள்ளை என்று பெரியவள் அவனை முந்தானையிலேயே முடிந்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறேன் என்று தினமும் கிளம்பிப் போன குட்டி, ஒருநாள் கப்பல் பயிற்சி முடித்த சான்றிதழோடு வந்து நின்றான். சரக்குக் கப்பலில் சமையல் உதவியாள் வேலை. விண்ணப்பம் போட்டது, பயிற்சியில் சேர்த்துவிட்டது எல்லாமே மாடியிலிருக்கும் சின்னவள். பெரியவள் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தாள். "என் பிள்ளையைத் தண்ணிக்குத் தூக்கிக் கொடுத்துட்டியேடி!" என்று மாடிப்படியில் நின்று கத்தினாள். "அவன் ஆசைப்பட்டான்கா, உன்கிட்ட கேட்டா விட மாட்டியே," என்றாள் சின்னவள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது. ஒரு வருஷமாகப் போகிறது.

அதற்காக இருவரும் ஒரே வீட்டில் வாழாமல் இருக்க முடியுமா? தண்ணீர்த் தொட்டி நிரம்பிக் கீழே வழிந்தால் பெரியவள் குழாயைக் கரண்டியால் தட்டுவாள். மேலே மோட்டார் நிற்கும். தபால் தவறி வந்தால் சின்னவள் அதைப் படிக்கட்டில் வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமுவாள். பேச்சு இல்லையே தவிர நிர்வாகம் ஒழுங்காக நடந்தது.

குட்டி கிளம்புவதற்கு முந்தைய நாள் அம்மாவின் போனை வாங்கி என்னவோ தட்டினான். "இங்க கீழ சிக்னல் சரியா வராதும்மா. மாடி வைஃபையைப் போட்டிருக்கேன். கரையில இருக்கிறப்ப வீடியோல கூப்பிடுவேன். சித்திக்கு ஒண்ணும் தெரியாது, நீ பயப்படாதே," என்றான். பெரியவள் வேண்டாம் என்று வாயால் சொன்னாள். போனைத் திரும்பப் பிடுங்கவில்லை. அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே போன் தானாக மாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளும் அது பாஸ்வேர்டு கேட்டதில்லை. கேட்காத ஒன்றை யார் தெரிந்து வைத்துக்கொள்வார்கள்?

போன தடவை குட்டி கூப்பிட்டபோது காய்ச்சல். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "ஒண்ணுமில்லம்மா," என்று சிரித்தான். அப்புறம் கப்பல் கடலுக்குள் போய்விட்டது. இன்று காலையில்தான் மாடி வைஃபையில் செய்தி வந்திருந்தது: கரைக்கு வந்துவிட்டோம், சாயங்காலம் கூப்பிடுகிறேன், ராத்திரியே கிளம்பிவிடுவோம். அடுத்த துறைமுகம் ஒரு மாதத்துக்கு அப்புறம். 'உடம்பு எப்படி இருக்கு' என்று அவள் கேட்டு அனுப்பியதற்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. கட்டைவிரலைப் பார்த்து எந்தத் தாய்க்கு மனசு ஆறும்? அவளுக்கு முகத்தைப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்ததும் முதலில் போட்டோக்களைத் திறந்தாள். கடைக்காரர் சொன்னபடி எல்லாம் அப்படியே இருந்தன. குட்டி சீருடையில், குட்டி கப்பல் சமையலறையில், குட்டி மூட்டை மூட்டையாக வெங்காயத்தோடு. தைக்கும்போது பாட்டு கேட்கிற ப்ளூடூத் பெட்டி போனை அடையாளம் தெரியாத மாதிரி விழித்தது. அதன் பொத்தானை அழுத்திப் பிடித்து, போனில் தேடி, மறுபடியும் சேர்த்துவிட்டாள். அது அவளுடைய பெட்டி, அவள் அறையிலேயே இருந்தது, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

வைஃபை அப்படியல்ல. பட்டியலில் 'மாடி' முழுசாகச் சிக்னல் பட்டை போட்டுக்கொண்டு பளிச்சென்று நின்றது. பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டு. தொட்டால் பாஸ்வேர்டு கேட்டது.

பெரியவள் சின்னவளின் பெயரைப் போட்டாள். 'இணை' என்ற பொத்தான் மங்கலாகவே இருந்தது. எட்டு எழுத்தாவது இருந்தால்தான் அது உயிர்பெறும் போலிருக்கிறது. அவள் பிறந்த தேதியை எட்டு இலக்கமாகப் போட்டாள். தவறு. அம்மா பெயரோடு அம்மா பிறந்த வருஷம். தவறு. குட்டியின் பிறந்த தேதி. அதைப் போடும்போது கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. அதுவும் தவறு. தங்கையின் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று இத்தனை வருஷம் கூடப் பிறந்தும் தெரியவில்லையே என்று அவளுக்கு முதல் முறையாக வெட்கமாக இருந்தது.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. விளக்கைப் போடத் தோன்றவில்லை. தையல் மெஷின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்றால் அவர்கள் ஊரில் இல்லை. செல்போன் கடை இந்நேரம் சாத்தியிருப்பார்கள். மிச்சம் இருப்பது பதினாறு படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில்தான் ஒரு வருஷத்துக்கு முன்னால் அவள் வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள்.

'போய் நின்னா என்ன சொல்லுவா? இவ்வளவு நாள் என் வைஃபையைத் திருடித்தான் தின்னியான்னு கேட்பாளா? கேட்கட்டும். கதவைச் சாத்துவாளா? சாத்தட்டும். சாத்தினா திரும்பத் தட்டுவேன்.' குட்டியின் உள்ளே போன கண்கள் நினைவுக்கு வந்தன. பெரியவள் எழுந்தாள். ரோஷத்தை மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு படியேறினாள்.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள். தட்டுவதற்குள் கதவு தடாலென்று திறந்தது.

சின்னவள் நின்றாள். வேலைக்கு மாட்டும் ஹெட்போன் கழுத்தில் தொங்கியது. காப்பீட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே போன் பேசுகிற வேலை அவளுக்கு. ஒரு காலில் செருப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"எங்கக்கா போன நீ?" என்றாள்.

பெரியவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு வருஷம் கழித்து முதல் வார்த்தை, அதுவும் இப்படி. "கீழதான் இருக்கேன்," என்றாள்.

"கீழதான் இருந்தா ஏன் லைன்ல இல்ல? மத்தியானத்துலேருந்து பார்க்கிறேன். முதல்ல வெளிய போயிருப்பேன்னு நினைச்சேன். அப்புறம் கதவு திறக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்பவும் நீ வரல. வேலையை விட்டு எழுந்திருக்க முடியல எனக்கு. மெஷின் சத்தமும் இல்ல, விளக்கும் இல்ல. விழுந்து கிழுந்து கிடக்கிறியோன்னு..."

"லைன்லயா? என்ன லைன்?"

சின்னவள் தன் போனை நீட்டினாள். அவள் வீட்டு வைஃபைப் பெட்டியோடு வந்த ஆப் அது. யார் யார் போன் அந்த வைஃபையில் இருக்கிறது என்று அது வரிசையாகக் காட்டும், பெயர் வைத்துக்கொள்ளலாம். மேலே 'டிவி', 'லேப்டாப்', 'என் போன்' என்று மூன்றும் பச்சைப் புள்ளியோடு இருந்தன. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில், 'அக்கா. இணைப்பில் இல்லை'.

பெரியவள் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

"முதல் நாளே தெரியும். குட்டி என்கிட்ட கேட்டுட்டுத்தான் போட்டான். உன்கிட்ட சொல்லாதேன்னான்." சின்னவள் மூக்கை உறிஞ்சினாள். "காலையில எழுந்ததும் இதைத்தான் பார்ப்பேன். அக்காவுக்குப் பச்சைப் புள்ளி இருந்தா அக்கா வீட்ல இருக்கா. அதுக்கப்புறம்தான் காப்பி."

பெரியவள் தான் எத்தனை கெட்டிக்காரத்தனமாக ஒளித்து வைத்திருந்தோம் என்று நினைத்துக்கொண்டாள். மானம், ரோஷம், டீச்சர் எதிரில் பொய் எல்லாம் வீண். மாடியில் இருந்தபடி இவள் ஒவ்வொரு நாளும் தன் அக்கா உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"சிம் செத்துப்போச்சு. கடைக்காரர் நெட்வொர்க்கை ரீசெட் பண்ணிட்டார். பாஸ்வேர்டு எல்லாம் போயிடுச்சு. குட்டி இப்ப கூப்பிடுவான். காய்ச்சல் அவனுக்கு. பாஸ்வேர்டு சொல்லுடி," என்று ஒரே மூச்சில் கொட்டினாள்.

"எனக்கும் தெரியாதுக்கா."

"என்னடி சொல்ற?"

"பெட்டி மாட்ட வந்தவன் என்னவோ நீளமா வச்சுட்டுப் போனான். நம்பரும் எழுத்துமா இருக்கும். எவ நினைவு வச்சுக்கிறா? அது என் போன்ல பத்திரமா இருக்கு. உன் போன்லதானே போச்சு, என் போன்ல போகலையே. உள்ள வா."

சின்னவள் வைஃபை செட்டிங்ஸைத் திறந்து, 'மாடி'யைத் தொட்டு, 'பகிர்' என்பதை அழுத்தினாள். போன் அவள் விரல் ரேகையைக் கேட்டது. வைத்தாள். கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டப்படம் வந்தது. "உன் போன்ல வைஃபை பட்டியலுக்குக் கீழ ஸ்கேன்னு ஒரு அடையாளம் இருக்கும், அதைத் தொட்டுட்டு இதுக்கு நேரா காட்டு."

பெரியவள் காட்டினாள். கட்டப்படம் சதுரத்துக்குள் வந்து வந்து நழுவியது. ஊசியில் நூல் கோக்கிற கைதான். இன்று ஒரு கட்டத்தைப் பிடிக்க மாட்டேன் என்றது. சின்னவள் தன் இன்னொரு கையால் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்ததும் கட்டப்படம் சதுரத்துக்குள் நின்றது. போன் ஒரு சின்ன அதிர்வோடு 'மாடி'யில் சேர்ந்துகொண்டது.

சேர்ந்த பிறகும் சின்னவள் கையை எடுக்கவில்லை. பெரியவளும் எடு என்று சொல்லவில்லை.

"இங்க பாரு," என்று சின்னவள் மறுபடியும் ஆப்பைக் காட்டினாள். 'அக்கா' பச்சையாகியிருந்தது. அப்போதுதான் பெரியவள் பட்டியலின் கடைசி வரியைப் பார்த்தாள். முன்பு பார்த்தபோது கண்ணில் படாதது. சாம்பல் நிறத்தில், 'குட்டி. இணைப்பில் இல்லை'.

"இதை ஏன் எடுக்கல?"

"எடுக்க மனசு வரல," என்றாள் சின்னவள். "போன அன்னிக்கு வாசல்ல நின்னு டாட்டா காட்டிட்டு உள்ள வந்து இதைப் பார்த்தேன். தெருமுனை வரைக்கும் பச்சையாவே இருக்கும்னு நினைச்சேன். கேட் தாண்டினதுமே போயிடுச்சுக்கா. நீ நான்தான் அனுப்பினேன்னு சொன்ன. ஆமா, நான்தான் அனுப்பினேன். எனக்கு மட்டும் வலிக்காதா?"

ஒரு வருஷமாகப் பெரியவள் மனசுக்குள் தங்கையோடு சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தாள். விதவிதமாகக் கேள்விகள் கேட்டிருக்கிறாள். இந்த ஒரு கேள்வியைத் தங்கை தன்னிடம் கேட்கக்கூடும் என்று மட்டும் ஒரு நாளும் நினைத்ததில்லை. தங்கையின் கன்னத்தைத் தன் உள்ளங்கையால் துடைத்தாள். ஊசி குத்தித் தடித்துப்போன கை அது. "போதும், அழாத. அவன் கூப்பிடற நேரம்," என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதாள்.

போன் அடித்தது.

குட்டி திரையில் வந்தான். முகம் தெளிந்திருந்தது. கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருந்தது. பெரியவள் திரையை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்க் கண், உதடு, நெற்றி என்று ஒவ்வொன்றாகத் தையல் பிரித்துப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "நாக்கை நீட்டுடா," என்றாள். அவன் நீட்டினான். "காய்ச்சல் விட்டு ஒரு வாரமாச்சும்மா. கட்டைவிரல் அனுப்பினேனே."

"உன் கட்டைவிரலை நீயே வச்சுக்கோ."

குட்டி சிரித்தான். சிரித்துக்கொண்டே அவள் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். சிரிப்பு மெல்ல நின்றது. "அம்மா, அந்தப் பச்சைச் சுவர்... அது சித்தி வீடுதானே?"

சின்னவள் ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தாள். பெரியவள் அவள் தோளைப் பிடித்து இழுத்துத் திரைக்குள் கொண்டுவந்தாள். இரண்டு பேர் கன்னமும் ஒட்டினால்தான் சின்னத் திரைக்குள் இரண்டு முகமும் அடங்கும். ஒட்டிக்கொண்டார்கள். அங்கே, எங்கோ ஒரு துறைமுகத்தில், ஆறடிப் பையன் ஒரு கையால் கண்ணை மூடிக்கொண்டான். பின்னாலிருந்து யாரோ அவனை அழைத்தார்கள். அவன் திரும்பவில்லை.

"என்னம்மா இது? எப்படி?" என்றான்.

பெரியவள் மிடுக்காகத் தலையைத் தூக்கினாள். அழுது வீங்கிய மூக்கோடு எவ்வளவு மிடுக்காக இருக்க முடியுமோ அவ்வளவு. "ஒண்ணுமில்லடா. கீழ வைஃபை சரியா எடுக்கல. இனிமே உன்கிட்ட பேசணும்னா மேல வந்துதான் பேசணும்போல இருக்கு."

குட்டி சித்தியைப் பார்த்தான். கீழே முழுப் பட்டை வரும் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"ஆமாடா," என்றாள் சின்னவள். "கீழ சுத்தமா வராது."